ஏழாவது டிக்

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ஏழாம் வகுப்புப் பூவிழி ஒரு தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அனீஸாவின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன பூவிழி? தண்ணி குடிக்கப் போகணுமா?"

"இல்ல டீச்சர். பதினாலாவது கணக்கு."

அனீஸாவுக்கு நினைவு வந்தது. இணையத்திலிருந்து இறக்கி, திங்கட்கிழமை கொடுத்த பயிற்சித்தாள். இருபது கணக்கு, இருபது மதிப்பெண். வட்டார அளவில் நடக்கும் கணக்குப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். யாரை அனுப்புவது என்று அந்தத் தாளை வைத்தே முடிவு செய்திருந்தாள். செழியனுக்குப் பத்தொன்பது. பூவிழிக்குப் பதினெட்டு. செழியன் பெயரைத் தலைமையாசிரியர் பிரகதீஸ்வரி அனுப்பியும்விட்டார்.

"அது தப்புன்னு அன்னைக்கே சொன்னேனேடா. அவசரப்பட்டுப் போட்டுட்டன்னு."

சொன்னாள்தான். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். 'நல்லாப் போடுற பிள்ளைதான், ஆனா கவனம் இல்ல' என்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூவிழி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க அப்பாகிட்டக் கேட்டேன் டீச்சர். வரப்பு போட்டா மூலையையும் சேத்துத்தான் போடுவாங்களாம். மூலையில மண்ணு வைக்கலன்னா தண்ணி அது வழியாப் போயிடும்ல?"

தாளை விரித்தாள். அறுபது மீட்டர் நீளம், நாற்பது மீட்டர் அகலத்தில் ஒரு வயல். அதைச் சுற்றி வெளிப்புறமாக இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பாதை. பாதையின் பரப்பளவு என்ன? பூவிழி நானூற்றுப் பதினாறு சதுர மீட்டர் என்று எழுதியிருந்தாள். அதன்மேல் அனீஸாவின் சிவப்புப் பெருக்கல் குறி. தாளோடு வந்த விடைப் பக்கத்தில் நானூறு என்று இருந்தது.

பூவிழி பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தாள். நடுவில் வயல், சுற்றிப் பாதை. நான்கு மூலையிலும் குட்டிக் குட்டியாக நான்கு சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாலு.

அனீஸா பேனாவை எடுத்தாள். பாதையோடு சேர்த்து நீளம் அறுபத்து நாலு, அகலம் நாற்பத்து நாலு. பெருக்கினால் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. வயலின் இரண்டாயிரத்து நானூறைக் கழித்தால்...

நானூற்றுப் பதினாறு. விடைப் பக்கத்தை எழுதியவர் நான்கு பக்கத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கிவிட்டு எழுந்து போயிருக்கிறார். மூலைகளை மறந்துவிட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளும் அதையேதான் செய்திருந்தார்கள். செழியன் உட்பட அவர்கள் எல்லோருக்கும் அனீஸா சரி போட்டிருந்தாள். அதை மாற்றினால் செழியனுக்குப் பதினெட்டு, பூவிழிக்குப் பத்தொன்பது.

"சரி, நான் பாக்குறேன். நீ போ" என்றாள்.

பூவிழி போனாள். 'நீ போட்டதுதான் சரி' என்று அனீஸா அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

பிற்பகல் முழுக்க அவள் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினாள். யாரோ இணையத்தில் தவறாக எழுதி வைத்ததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. ஏனென்றால் அந்தத் தாளின்மேல் பின் செய்திருந்த சரிபார்ப்புப் பட்டியலில், ஏழாவது வரிக்கு நேரே டிக் போட்டிருந்தது அவள் கை.

அந்தப் பட்டியலுக்கு ஒரு கதை உண்டு. அனீஸாவின் கணவன் அப்சர் நன்னிலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சுற்றுவட்டாரத்து ஆசிரியர்கள் போனில் இறக்கிய இலவசப் பயிற்சித்தாள்களை அங்கேதான் பிரதி எடுப்பார்கள். கல்யாணமான புதிதில் அனீஸா கடையில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பாள், சிரிப்பாள். ஒன்றில் நம் பிள்ளைகள் பார்த்தே இராத பனிமனிதனை எண்ணச் சொல்லியிருக்கும். இன்னொன்றில் 'சிவப்புப் பந்துகள் எத்தனை' என்று இருக்கும். கறுப்புவெள்ளையில் எடுத்தால் எல்லாப் பந்தும் சாம்பல்தான்.

"சிரிச்சது போதும், எழுது. டைப் பண்றேன்" என்று அப்சர்தான் ஆரம்பித்து வைத்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். தயாரித்தவர் பெயர் இருக்கிறதா? பிரதி எடுக்க அனுமதி உண்டா? நடத்தப் போகும் பாடத்தோடு பொருந்துகிறதா? கேள்வி பிள்ளைக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா? பிரதி எடுத்தால் படம் தெளிவாக விழுமா? எழுத இடம் போதுமா? இப்படியே பத்து வரி. ஏழாவது வரி அனீஸா அழுத்திச் சொன்னது: எல்லாக் கணக்கையும் நானே போட்டுப் பார்த்து, விடைப் பக்கத்தோடு ஒப்பிட்டேன்.

பிரகதீஸ்வரி அதை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். அப்சர் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கடைச் சுவரில் மாட்டினான். அடியில் இருவர் பெயரும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தாளை அச்சடிக்கப் போகும்போதுகூட அவன் வழக்கம்போலக் கேட்டான்: "போட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சு மச்சான்" என்றாள்.

முதல் ஐந்து கணக்கைத்தான் போட்டிருந்தாள். ஐந்தும் ஒத்து வந்தன. மீதியும் ஒத்துத்தான் வரும் என்று டிக் போட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டில் விருந்தாளி இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. சும்மா சலிப்பு, அவ்வளவுதான். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால்கூட இப்போது அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். பக்கத்துப் பள்ளி ஜெயபாரதி டீச்சர் அங்கே நின்றிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அனீஸாவுக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. அதே வயல், அதே பாதை.

"வாங்க அனீஸா! உங்க தாளைத்தான் எடுக்குறேன். வெள்ளிக்கிழமை எங்க பள்ளியிலயும் இதை வச்சுத்தான் ஆளு எடுக்கப் போறோம்."

"நீங்க ஒரு தடவ பாத்துட்டு..." என்று அப்சர் ஆரம்பித்தான்.

"உங்க வீட்டம்மா டிக் போட்டிருக்காங்கள்ல, அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்? அவங்க டிக்குன்னா கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்."

அப்சர் சிரித்தான். அனீஸாவைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கை நீட்டி மெஷினை நிறுத்தினாள். பாதி அச்சான தாள் மெஷினின் வாயில் மாட்டிக்கொண்டது.

"என்ன புள்ள?"

"பதினாலாவது விடை தப்பு. நானூறு இல்ல, நானூத்திப் பதினாறு."

"அட, ஒரு விடைதானே" என்றார் ஜெயபாரதி. "அச்சுப் பிழையா இருக்கும்."

"அச்சுப் பிழை இல்ல டீச்சர். நான் போட்டுப் பாக்கல. அஞ்சு கணக்கோட நிறுத்திட்டேன். போட்டுப் பாக்காமலே டிக் போட்டேன்."

ஜெயபாரதி சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பியதுதான் அனீஸாவுக்கு உறைத்தது.

"நானும் பாக்காமத்தான எடுக்க வந்தேன். சரி, விடுங்க" என்று சொல்லி, அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அப்சர் மெஷினில் சிக்கியிருந்த தாளை மெதுவாக உருவினான். கிழிந்துதான் வந்தது.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"பாத்தாச்சுன்னு சொன்ன."

"சொன்னேன்."

அவன் திட்டியிருந்தால் அழவாவது செய்திருக்கலாம். அவன் போனை எடுத்து, "திங்கக்கிழமைலேருந்து மூணு பள்ளிக்கூடத்துக்கு இதைக் குடுத்திருக்கேன். நம்பர் தரேன். நீயே பேசு" என்றான்.

மூன்று பேரிடமும் பேசினாள். ஒவ்வொரு முறையும் 'விடை தப்பு' என்பதோடு நிறுத்த வாய்ப்பு இருந்தது. ஒவ்வொரு முறையும் 'நான் போட்டுப் பாக்கல' என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மூன்றாவது முறையும் அது எளிதாகவில்லை. கடையின் மூலையில் உட்கார்ந்து மீதிக் கணக்குகளையும் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தன. பதினாலாவது ஒன்றுதான் பிசகு.

கடைசியாகப் பிரகதீஸ்வரி. விஷயம் முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டார்.

"பேரு போயாச்சேம்மா. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள மாத்தலாம். ஆனா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். தாள்ல பிழைன்னு எழுதிடலாமா?"

"வேணாம் மேடம். திருத்தினதுல என் பிழைன்னு எழுதுறேன்."

மறுநாள் காலை முதல் பாடவேளை. கடிதம் கொடுத்துவிட்டு வந்தவள் கரும்பலகையில் வயலை வரைந்தாள், பாதையை வரைந்தாள், நான்கு மூலையையும் சாக்பீஸால் நிரப்பினாள்.

"பூவிழி போட்டதுதான் சரி. நான் விடைப் பக்கத்தைப் பாத்துத் திருத்தினேன், கணக்கைப் போட்டுப் பாக்கல. கவனம் இல்லாம இருந்தது அவ இல்ல, நான். அன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் அவளச் சொன்னேன். அதனாலதான் உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

பூவிழி நிமிரவில்லை. மகிழ்ச்சியா கூச்சமா என்று தெரியாதபடி பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். செழியன்தான் எழுந்தான்.

"அப்ப நான் போகலையா டீச்சர்? எங்க அம்மா புதுச் சட்டை எடுத்துட்டாங்க."

அதற்கு அனீஸா தயாராக வரவில்லை. "என் தப்பால உன்னையும் சேத்து ஏமாத்திட்டேன்டா" என்றாள். "சாயந்திரம் உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"அம்மா திட்டுவாங்க."

"என்னைத் திட்டட்டும்."

திட்டத்தான் செய்தாள் அந்த அம்மாள். வாசலில் நிற்க வைத்தே திட்டினாள். அனீஸா கேட்டுக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் கடைக்கு வந்தபோது, அடுத்த வாரத்துப் பயிற்சித்தாளை அப்சர் மேசையில் எடுத்து வைத்திருந்தான். பக்கத்தில் வெற்றுப் பட்டியல் ஒன்று. இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினான்.

"எத்தன காப்பி?" என்றான்.

அவ்வளவுதான். எப்போதும் அதற்கு முன்னால் வரும் கேள்வி வரவில்லை. சுவரில் அந்தப் பட்டியல் அப்படியேதான் தொங்கியது, அடியில் இருவர் பெயரோடு.

"மச்சான்."

"ம்."

"கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"எப்பவும் கேப்பீங்கள்ல. அதக் கேளுங்க."

அப்சர் அவளைப் பார்த்தான். மெஷின் விளக்கை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான். கேட்க அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது என்பது குரலில் தெரிந்தது.

"போட்டுப் பாத்தியா?"

"இன்னும் இல்ல" என்றாள் அனீஸா. "கொஞ்சம் இருங்க."

விடைப் பக்கத்தைத் தனியாகப் பிரித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கணக்கைப் படிக்க ஆரம்பித்தாள்.