தோளின் இடப்புறம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. எதிரே ஒரு வயதான தம்பதி. கணவரின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் பட்டென்று எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகுதான் பேச்சே தொடங்கியது. பார்த்த எனக்கு உள்ளம் உருகிவிட்டது. இந்த வயதிலும் இன்ன பக்கம்தான் வேண்டும் என்கிற ஆசையைப் பாருங்கள் என்று வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தேன்:

‘காதல் என்பது ஒரு நாற்காலி தள்ளி உட்கார்வதில்கூட—’

(இதை இப்படியே விட்டுவிட்டேன். அடிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. என் கதாநாயகனும் இதே பள்ளத்தில்தான் விழப்போகிறார்.)

2

கதாநாயகன் ஒரு பாடலாசிரியர். அறுபதைத் தாண்டியவர். ஊரெல்லாம் முணுமுணுத்த காதல் பாடல்கள் அவருடையவை. எல்லாமே பார்த்தவுடன் பற்றிக்கொள்ளும் ரகம். இப்போது ஒரு இயக்குநர் வேறு மாதிரி கேட்டார்.

“கல்யாணமாகி ரொம்ப வருஷமான ஜோடி சார். அவங்க பாடுற காதல் பாட்டு. பூ, நிலா, மின்னல் எதுவும் வேண்டாம்.”

இசையமைப்பாளர் மெட்டு அனுப்பினார். அவர் பாடலாசிரியரின் மகள் வயதுடைய பையன். வாயால் ‘தானன தன்னன தானா’ என்று பாடிப் பதிவுசெய்திருந்தான். அந்த முதல் ‘தா’ நாலு தட்டு நீளம் இழுபடும். ஆகவே அங்கே விழும் சொல் நெடிலில்தான் தொடங்கவேண்டும். குறிலை வைத்தால் பாடகர் இழுத்து இழுத்து அதை வேறு சொல்லாக்கிவிடுவார்.

பாடலாசிரியர் எழுத உட்கார்ந்தார். கை பழக்கத்துக்கு ஓடியது. பூமுகம், தேன்மொழி, மான்விழி. இளமைச் சொற்கள் எல்லாம் தானனவுக்கென்றே தைத்தவை. மூட்டுவலி என்று போட்டுப் பார்த்தார். ஒரு அசை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ‘மாத்திரை’ என்ற சொல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அதை நாலு தட்டு இழுத்துப் பாட எந்தப் பாடகி ஒத்துக்கொள்வாள்?

மனைவியைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று முடிவுசெய்தார். அங்கேதான் சங்கடம். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி அவருக்குத் திட்டமாகத் தெரிந்த ஒரு விஷயம் வேண்டும். யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தார். தெருவில், பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், அவள் எப்போதும் அவருடைய இடப்பக்கம்தான்.

*தோளின் இடப்புறம் நீயே*
*நாளொரு ஜென்மமாய் நீயே*

தோளி, நாளொ என்று எதுகை தானாக வந்து விழுந்தது. தொடக்கத்தில் ‘தோ’வும் ‘நா’வும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கக் கொடுக்கும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. (எனக்கும்தான். முதல் வரைவில் கதையை இங்கேயே முடித்திருந்தேன்.)

3

இந்த மனைவியை முதலில் நான் நம்பவில்லை. வரைவில் அவள் காப்பி கொண்டுவந்தாள், புன்னகைத்தாள், போனாள். அப்படி ஒருத்தி எந்த வீட்டிலும் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருபத்தைந்து வருஷம் டெலிபோன் எடுத்தவள் என்று வைத்துக்கொண்டதும் வாயைத் திறந்தாள்.

பாடலாசிரியர் வரிகளைப் படித்துக் காட்டினார். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நல்லா இருக்குங்க. ஆனா அது காதல் இல்ல, காது.”

“என்னது?”

“இடது காது எனக்குக் கேக்காதே. உங்களுக்கு இடப்பக்கம் இருந்தாத்தான் என் வலது காது உங்க பக்கம் இருக்கும்.”

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். “எப்போலேருந்து?”

“பெரியவ ஒண்ணாவது படிக்கிறப்போ. அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, எனக்கும் ஒட்டிக்கிச்சு. வீக்கம் வடிஞ்சுது, காது திரும்பல. டாக்டர் இனிமே வராதுன்னுட்டார்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னேனே. ஏதோ சரணம் எழுதிட்டு இருந்தீங்க. ‘ம்’ன்னீங்க.” அவள் குரலில் புகார் இல்லை; ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு அறை எண் சொல்லும் குரல். “ரிசீவரை வலது காதுக்கு மாத்திக்கிட்டேன். அவ்வளவுதான். ஒரு லாபமும் உண்டு. நல்ல காதைத் தலகாணில வச்சுப் படுத்தா உங்க குறட்டை கேக்காது. வேற எப்படிங்க இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறது?”

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை.

ஏனென்றால் ஒரு சமயம், வரிசையாகப் படங்கள் கைவிட்டுப் போயிருந்த நாட்களில், திரும்பிப் படுத்திருந்த அவள் முதுகிடம் அவர் கேட்டிருந்தார்: ‘நான் எழுதறது எதுக்காவது ஆகுமா?’ அவள் விழித்திருந்தாள், வளையலை நெருடிக்கொண்டிருந்தாள். பதில் மட்டும் வரவில்லை. அந்த மௌனத்தை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதிய எதையும் முதலில் அவளிடம் காட்டியதில்லை. சின்னச் சின்ன விஷயங்களில் முகம் கொடுக்காமல் இருந்தார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. தொழில் கவலை என்று நினைத்திருப்பாள். ஒரு வீட்டுக்குள் இப்படி எத்தனை வருஷம்—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

4

அவர் பல்லவியை மாற்றினார்.

*காதலென் றெண்ணிய தெல்லாம்*
*காதுதான் என்றவள் நீயே*

அசை பிசகவில்லை. எதுகை, மோனை இரண்டும் கைகோத்து நின்றன. எழுதியவற்றிலேயே உண்மையான இரண்டு வரி இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஒலிப்பதிவுக்கூடத்தில் இசையமைப்பாளர் பாடிப் பார்த்தான். பாடகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், இந்தக் ‘கா’வை நாலு தட்டு இழுக்கிறோம்,” என்றான் அவன் மரியாதையாக. “முதல் வரியில ‘காதல்’ வந்தாச்சு. ரெண்டாவது தடவையும் எல்லாரும் ‘தல்’லுக்குக் காத்திருப்பாங்க. ‘து’ன்னு விழுந்தா தியேட்டரே சிரிச்சிரும்.”

“இழுக்காம பாடினா?”

“மெட்டே அந்த இழுப்புலதான் இருக்கு சார். முதல்ல அனுப்பின இடப்புறம் வரிதான் அருமை. டைரக்டர் அழுதுட்டார்.”

அவன் சொன்னது சரி. தன் தொழிலில் அவருக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் சண்டை போடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகி ‘தோளின்’ என்று தொடங்கியபோது, அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

5

பாட்டு வெளியாகி ஓடியது. திருமண நாள்களில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் அவள் ஒற்றை இயர்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டாள்.

“நல்லா வந்திருக்கு,” என்றாள். கழற்றிச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: “ஆமா, இத்தனை வருஷத்துல எனக்குக் கேக்காத பக்கமா நின்னு ஏதாவது முக்கியமா சொல்லியிருந்தீங்களா? இருந்தா இப்போ சொல்லுங்க. தெரிஞ்சுக்கலாமே.”

இதற்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ‘ஒண்ணுமில்லை’ என்கிறார். அவளுக்கு நிம்மதி. அவர் அதைத் தனியாகச் சுமக்கிறார். நாகரிகமான முடிவு. கோழைத்தனமும்கூட.

இரண்டு: எல்லாவற்றையும் சொல்கிறார். வருஷக்கணக்கில் தன்மேல் ஒரு வழக்கு நடந்து முடிந்திருக்கிறது, தண்டனையையும் அனுபவித்தாகிவிட்டது என்று இந்த வயதில் அவள் தெரிந்துகொள்கிறாள். யாருக்கு லாபம்?

மூன்று: விளக்கம் எதுவும் இல்லாமல், அந்தப் பழைய கேள்வியையே இன்று புதிதாகக் கேட்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பதிலாகவே இருந்தாலும், அது இத்தனை வருஷம் முன்பே கிடைத்திருக்கக்கூடிய பதில் என்பதை அவர் எப்படித் தாங்குவார்?

நான் இத்தோடு எழுந்துகொள்கிறேன். அவள் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருக்கிறாள். அவர் தொண்டையைச் செருமுகிறார். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு இங்கிருந்து கேட்கவில்லை.