ஏழு வருஷம் போதும்

கணக்கம்மாவுக்கு ஒரு காகிதத்தைத் தூக்கிப் போடுவதென்றால் கை வராது. கடையில் எல்லோரும் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் கட்டிய கணவரும் அப்படித்தான். எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டர்களை விற்று, வீடு தேடிப் போய்ப் பொருத்திக் கொடுக்கிற சின்னக் கடை அது. விற்பதும் பொருத்துவதும் அவர் பொறுப்பு. பில் போடுவது, அதை ஸ்கேன் செய்து கிளவுடில் வருஷவாரியாக, மாசவாரியாக அடுக்கி வைப்பது இவள் பொறுப்பு. ஸ்கேன் முடிந்ததும் காகிதத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டும் என்று அவர்தான் சட்டம் போட்டிருந்தார். அந்தச் சட்டத்துக்கு மட்டும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப்பட்டிருந்தாள்.

அந்த மாதம் ஐந்தாம் தேதி காலையில், கிளவுடில் இடம் நிறையப் போகிறது என்று திரையில் ஒரு மஞ்சள் பட்டை வந்தது. அது வருஷத்துக்கு நாலு தடவை வரும், அவளும் நாலு தடவை மூடுவாள். ஆனால் அன்றைக்குக் கணவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டார்.

"பழசையெல்லாம் அழிச்சுடு. எத்தனை வருஷம்தான் கட்டிக்கிட்டு அழுவ?"

கணக்கம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கம்ப்யூட்டர் என்றாலே கொட்டாவி விடுகிற மனுஷன். போன மாதம் வரை கடவுச்சொல் என்னவென்றுகூடக் கேட்டதில்லை. அவள் ஆடிட்டருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வரிக்காரங்களுக்கு ஏழு வருஷம் போதும்மா. அதுவும் பில் தேதியிலேர்ந்து எண்ணாதீங்க, அந்த நிதியாண்டு முடிஞ்ச நாள்லேர்ந்து எண்ணுங்க," என்றார் ஆடிட்டர். "ஆனா ஏழுங்கிறது குறைஞ்சபட்சம். ஏழு முடிஞ்சதும் அழிச்சே தீரணும்னு யாரும் சொல்லல. கேரண்டி குடுத்த பொருள், வீட்ல இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற மெஷின், இதுக்கெல்லாம் அதிகமாவே வெச்சுக்கறது நல்லது."

"அப்ப நான் பதினஞ்சு வெக்கறேன்," என்றாள் அவள். "ஹீட்டர் ஒரு தடவை மாட்டினா பன்னெண்டு வருஷம் சுவத்துல இருக்குங்க."

"ஏழு போதும்," என்றார் கணவர்.

"சரி, பத்து."

"ஏழுன்னா ஏழு. அவரே சொல்லிட்டாருல்ல?"

ஆடிட்டர் சொன்னது அதுவல்ல என்று அவள் வாயெடுப்பதற்குள் கணவரே போனை வைத்துவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்று அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பழைய பில்லுக்காக ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிக்கொள்வது அந்தக் கணக்கில் தேறாது. ஏழு வருஷத்துக்கு முந்தைய கோப்புறைகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அலுவலகக் கம்ப்யூட்டரும் கிளவுடும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்ததால், அங்கே போனது இங்கேயும் போனது. கிளவுடின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், மனசு கேட்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் அவள் வங்கிக்குப் போய்த் திரும்பியபோது குப்பைத்தொட்டியும் காலியாக இருந்தது.

"தொட்டியில கிடந்தாலும் இடத்தை அடைக்குமாமே? அதான் நானே காலி பண்ணிட்டேன்," என்றார் அவர்.

அது உண்மைதான். மனுஷன் அதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று அவள் வியந்தாள். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், ரொம்பவே பெருமையாக இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஹீட்டர் கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே பிரித்தாள். இரண்டாம் பத்தி வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன் இரண்டு மாதங்களில் தயாரான ஹீட்டர்களில், வெப்பமேற்றும் பகுதியின் தகடு நாளடைவில் விரிசல் விடுகிறது. அதனால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு குளியலறைக்குள் கசியலாம். அதற்கு மணமில்லை, நிறமில்லை, உயிரை எடுத்துவிடும். அந்த ஹீட்டர்களை உடனே நிறுத்த வேண்டும். அவற்றில் முப்பத்தெட்டு உங்கள் கடைக்கு அனுப்பப்பட்டவை. வாங்கியவர்களில் இருவர்தான் எங்களுக்கு உத்தரவாத அட்டை அனுப்பியிருந்தார்கள்; அவர்களுக்குத் தெரிவித்துவிட்டோம். மீதிப் பேரின் முகவரிகளைக் கேட்டிருந்தோம்.

கேட்டிருந்தோமா? அவள் மறுபடி படித்தாள். எப்போது கேட்டார்கள்?

அடுத்த வரி அதற்கும் பதில் சொன்னது. "ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய பில்கள் எதையும் தாங்கள் வைத்திருப்பதில்லை என்று இம்மாதம் இரண்டாம் தேதி மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள். ஆகவே பொது அறிவிப்பு மட்டும் வெளியிடுகிறோம்."

இரண்டாம் தேதி. அவர்கள் அழித்தது ஐந்தாம் தேதி.

தேதியைத் தப்பாகப் படித்தோமா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இரண்டுதான். பில்லெல்லாம் பத்திரமாக இருக்கும்போதே இல்லையென்று எழுதிவிட்டு, எழுதியதை மெய்யாக்க மூன்று நாள் கழித்து அவள் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறார் கணவர். மஞ்சள் பட்டை வராமல் இருந்திருந்தாலும் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். எட்டு வருஷத்துக்கு முந்தைய பில்லைத் தொலைக்க ஏழு என்ற எண் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட ஆள்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். மேஜையில் கடிதத்தைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"ரெண்டாம் தேதி கம்பெனிக்கு என்ன எழுதினீங்க?"

"அது வந்து... சும்மா கேட்டாங்க..."

"சும்மாவா? ஜனங்க குளிக்கிற ரூம்ல விஷம் கசியுதுன்னு எழுதியிருக்காங்க. அது உங்களுக்குச் சும்மாவா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த வருஷம் ஆள் கிடைக்காம நானே ஓடி ஓடி மாட்டினேன். அஞ்சாறு வீட்ல புகைக்குழாயை வெளிச்சுவர் வரைக்கும் கொண்டு போகல. பரண்லயே விட்டுட்டேன். அப்புறம் வந்து முடிச்சுடலாம்னுதான்... போகவே இல்ல. இப்ப கம்பெனிக்காரன் ஹீட்டரைக் கழட்ட வந்தா அதையும் பாத்துடுவான். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

தகட்டில் விரிசல் விட்டது கம்பெனியின் குற்றம். பரணில் புகையை விட்டது இவர் குற்றம். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தால்?

"பேப்பர்ல அறிவிப்பு வரும்ல? பாக்கறவங்க பாத்துப்பாங்க," என்றார் அவர். "இனிமே நாம நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாம் போயிடுச்சு."

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளை உசுப்பிவிட்டது.

கிளவுட் சேவையின் உதவிப் பிரிவில் அவசரமாக எழுதிக் கேட்டாள். நிர்வாகி கணக்கு யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றாள். பதில் வந்தது: குப்பைத்தொட்டியைக் காலி செய்த பிறகும் இருபத்தைந்து நாள் வரை நிர்வாகி அவற்றை மீட்கலாம், அதன் பிறகு எங்களாலும் முடியாது. விரல் விட்டு எண்ணினாள். ஐந்தாம் தேதி காலி செய்தது, இன்றைக்கு இருபத்தெட்டு. இருபத்து மூன்று நாள் போயிருந்தது. கடிதம் ஒரு வாரம் தாமதித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"வேணாம். சொன்னாக் கேளு," என்று அவர் எழுந்து வந்தார். "பில்லு இருந்தாத்தான் நம்ம தலை உருளும். இல்லாதவரைக்கும் நம்மளை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"என்னை நானே கேப்பேங்க," என்றாள் அவள். மீட்க வேண்டிய தேதிகளைக் குறித்து, பொத்தானை அழுத்தினாள்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. திரை அப்படியே இருந்தது. பாவி, எல்லாம் போய்விட்டதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் கழித்து வருஷக் கோப்புறை ஒன்று பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்குள் மாதங்கள், மாதங்களுக்குள் பில்கள். ஒவ்வொன்றிலும் ஹீட்டரின் வரிசை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண், எல்லாம் அவள் கையெழுத்தில். கம்பெனி கடிதத்தில் இருந்த எண்களோடு ஒப்பிட்டு, அட்டை அனுப்பிய இருவரைக் கழித்து, முப்பத்தாறு வீடுகளையும் ஒரு தாளில் எழுதினாள். முதல் வேலையாக அதைப் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் வீட்டில் ஹீட்டரை எப்போதோ மாற்றிவிட்டார்கள். இரண்டாம் எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாம் எண்ணை அவள் அழுத்தியபோது கணவர் அந்த முகவரியை எட்டிப் பார்த்தார்.

"அது பரண் வீடு," என்றார், குரலே இல்லாமல்.

ஒரு பெரியவர் எடுத்தார். "ஆமாமா, உங்க கடையில வாங்கினதுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவு இல்ல. இப்பக்கூட என் மருமக அதுலதான் குளிச்சுக்கிட்டிருக்கா."

"ஐயா, போனை வெச்சுடாதீங்க. போய்க் கதவைத் தட்டுங்க. தண்ணியை நிறுத்திட்டு உடனே வெளிய வரச் சொல்லுங்க."

"என்னம்மா, மருமக குளிக்கும்போது நான் எப்படி..."

"தட்டுங்க ஐயா! விஷ வாயு கசியுது!"

செருப்புச் சத்தம் ஓடியது. கதவு தட்டப்பட்டது. தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை. பெரியவர் இன்னொரு தடவை தட்டினார், கூப்பிட்டார், பிறகு கையை முஷ்டியாக்கி இடித்தார். கணக்கம்மா தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தாள். கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் திறந்தது.

"என்ன மாமா?" என்று ஒரு பெண்ணின் குரல் குழறியது. "உள்ளேயே உக்காந்துட்டேன். எழுந்திரிக்க முடியல."

"வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க ஐயா. கேஸ் வால்வை மூடுங்க, ஜன்னலையெல்லாம் திறங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. கேஸ் ஹீட்டர் புகைன்னு டாக்டர்கிட்ட கண்டிப்பாச் சொல்லுங்க."

"டாக்டர்கிட்டதானேம்மா போன வாரமும் போனோம்," பெரியவர் அழுதுகொண்டிருந்தார். "குளிச்சா தலை சுத்துதுன்னு ரெண்டு மாசமாச் சொல்றா. கண்ணாடி மாத்தச் சொல்லி அனுப்பிட்டாங்க."

பெரியவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை வைத்தார். கணக்கம்மா கணவரைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அடுத்த பரண் வீட்டை நான் காட்டறேன்," என்றார். "நம்பரைப் படி."

அவள் படித்தாள். அவர் விரல் இரண்டு தடவை தப்பான எண்ணில் விழுந்தது. மூன்றாவது தடவை அவளே வாங்கி அழுத்திக் கொடுத்தாள்.