முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும்

தற்காலிக விரிவுரையாளருக்கு இந்த நேர்முகத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை தற்காலிகம்தான். ஒரே ஆறுதல், தேர்வுக் குழுவின் ஓர நாற்காலியில் அவளுடைய தோழி இருந்தாள். ஆராய்ச்சி நாட்களில் இருவரும் ஒரே அறையில் தங்கி, இதே கணிதப் பாடத்தோடு மல்லுக்கட்டியவர்கள்.

பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். மூன்று எழுத்துகளை இடம் மாற்றும் எல்லா வழிகளும் சேர்ந்த குலத்தை (குரூப்) எடுத்துக்கொண்டாள். மொத்தம் ஆறு மாற்றங்கள். எதையும் அசைக்காதது ஒன்று, இரண்டை மட்டும் மாற்றிப் போடுபவை மூன்று, மூன்றையும் சுழற்றுபவை இரண்டு. வகைக்கு ஒரு நெடுவரிசையாக, அவற்றுக்குரிய எண்களைத் தரும் கேரக்டர் அட்டவணையைப் பலகையில் எழுதினாள். முதல் வரிசை 1, 1, 1. இரண்டாவது 1, −1, 1. மூன்றாவது 2, 0, −1.

"எந்த ரெண்டு வரிசையையும் பெருக்கிக் கூட்டினா பூஜ்யம் வரணும்" என்றாள்.

தலைமைப் பேராசிரியர் தலையைச் சாய்த்தார். "ஒண்ணாவதையும் மூணாவதையும் பெருக்கிக் கூட்டுங்க. ரெண்டு, பூஜ்யம், மைனஸ் ஒண்ணு. மொத்தம் ஒண்ணுதானே வருது? அட்டவணையே தப்பும்மா."

"அப்படியே கூட்டக் கூடாது சார். ஒவ்வொரு வகையிலயும் எத்தனை மாற்றம் இருக்கோ, அத்தனையால பெருக்கணும். ரெண்டு, மூணு தடவை பூஜ்யம், ரெண்டு தடவை மைனஸ் ஒண்ணு. பூஜ்யம் வந்துடும்."

அவர் முகம் சிவந்தது. அவள் விடவில்லை. மூன்று நெடுவரிசைகளையும் பிரித்து, மாற்றத்துக்கு ஒன்றாக ஆறு எழுதிக் காட்டினாள்.

"விடை வரலைன்னதும் அட்டவணையை இழுத்து நீட்டுறீங்களா?" என்று சிரித்தார். கூடச் சிரிக்கக் குழுவில் ஆள் இருந்தது. அவர் தோழியின் பக்கம் திரும்பினார். "நீங்க இதுல ஆராய்ச்சி பண்ணவங்களாச்சே. என்ன சொல்றீங்க?"

தோழி பேனா மூடியைத் திருகினாள். அவளுடைய பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருப்பது துறையில் எல்லாருக்கும் தெரியும்.

"பதட்டத்துல குழப்பிக்கிட்டாங்க போல சார். அடுத்த கேள்விக்குப் போகலாமே."

அடுத்து என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்று எதுவும் அவள் மனதில் தங்கவில்லை.

நடைபாதையில் தோழி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாதா? அந்த ஆளுக்குப் பழசெல்லாம் மறந்து போச்சு. மனசுல வச்சுக்காதடி."

"அவர் மேல கோபம் இல்லடி" என்றாள் அவள், கையை விடுவித்துக்கொண்டே. "அவருக்கு நிஜமாவே தெரியல."