புதன் என்றால் எந்தப் புதன்

மனித குலத்தை ஆள்வது வாளும் அல்ல, வாக்கும் அல்ல. 'முடியாது' என்பதை மற்றவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்த கலைதான். சாம்ராஜ்யங்கள் எழுந்ததும் விழுந்ததும் இந்த ஒரு கலையால்தான் என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் இரவு மேற்பார்வையாளர் மனதார நம்பினார். இதை அவர் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு பலமாக இருந்ததால் வகுப்பின் இரண்டாம் பாதி அவருக்குச் சரியாக நினைவில்லை.

நினைவிருந்த முதல் பாதி இதுதான்: முதலில் பாராட்டு, பிறகு மறுப்பு, அதற்குக் காரணம், கடைசியில் மாற்று வழி. இதை அவர் ஒரு தாளில் அச்சடித்துத் தன் கண்ணாடி அறையில் ஒட்டியிருந்தார். அவருக்கு அறையில் 'பஞ்சு' என்று பெயர். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் தேய்ப்பாரே, அந்தப் பஞ்சு. அவர் குரலைத் தாழ்த்தி "உங்க வேலையைப் பத்தி நான் அடிக்கடி பெருமையா நினைப்பேன்" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் சட்டைக் கையை மடித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு மாலை, இரவுப் பணி தொடங்குவதற்கு முன், மூன்றாம் சீட்டுக்காரியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். பகல் பணியிலிருந்து இரவுக்கு மாறி வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். நல்ல குரல். "அப்பாவுக்கு மூச்சு வரல" என்று கதறுகிறவர்களிடமும், எலி கடித்ததற்கு ஆம்புலன்ஸ் கேட்கிறவர்களிடமும் ஒரே சீராகப் பேசுவாள். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அந்த வேலை கொஞ்ச நாள் செய்தால் எல்லாருக்கும் அப்படி ஆகிவிடும். வீட்டில் பால் பொங்கினால்கூட அதே குரலில்தான் "பால் பொங்குது" என்பார்கள்.

"உட்காருங்கம்மா. உங்க வேலையைப் பத்தி நான் அடிக்கடி பெருமையா நினைப்பேன்."

அவள் உட்கார்ந்தாள். "லீவு இல்லையா சார்?"

பஞ்சுவுக்குச் சற்று ஏமாற்றம். மறுப்பு இரண்டாம் கட்டம். அதற்குள் எதிராளி குறுக்கே புகுவது முறையல்ல.

"புதன்கிழமை லீவு கேட்டிருக்கீங்க. காரணம் 'சொந்த வேலை'ன்னு போட்டிருக்கீங்க. அது உங்க உரிமை, நான் என்னன்னு கேட்க மாட்டேன்." தனிப்பட்ட விஷயத்தில் தலையிடாத நாகரிகத்துக்காக ஒரு கணம் நிறுத்தினார். அவள் நன்றி சொல்லவில்லை. "ஆனா என்னால தர முடியல. ஒரு ராத்திரிக்கு ரெண்டு பேருக்கு மேல லீவு தர முடியாது. ஆள் குறைஞ்சா போன் அடிச்சுக்கிட்டே கிடக்கும். புதனுக்கு ரெண்டு பேர் முன்னாடியே வாங்கிட்டாங்க. அதோட அன்னைக்குத்தான் புது சாப்ட்வேர் மாத்துறாங்க. நடுவுல நின்னு போச்சுன்னா எல்லாத்தையும் கையால எழுதணும். ஒரு தலை குறைஞ்சாலும் தாங்காது."

காரணங்கள் இரண்டும் உண்மை. அது அவருக்கே தெம்பாக இருந்தது. சில சமயம் காரணத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

"மாற்று வழி இருக்கு. செவ்வாய் ராத்திரி ஒரு இடம் காலி. வியாழனும் காலி. ரெண்டுல எது வேணும்னாலும் இப்பவே போட்டுத் தரேன்."

"செவ்வாய் எனக்கு எதுக்கு சார்? புதன்தான் வேணும்."

"புதன் முடியாதும்மா."

அவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கையில் ஊசி போட்டபின் மரத்துப்போன இடத்தைத் தடவுவது போல, நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள்.

"நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன் சார்," என்றாள், போனில் முகவரி சரிபார்க்கும் அதே குரலில். "புதன்கிழமை லீவு கிடையாது. ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. சாப்ட்வேர் மாத்துறாங்க. செவ்வாய் இல்லைன்னா வியாழன் எடுத்துக்கலாம். எனக்கு ரெண்டும் வேண்டாம். சரிதானா?"

"சரிதான்," என்றார் பஞ்சு. இத்தனை வருடத்தில் ஒரு மறுப்பை இவ்வளவு பிசிறில்லாமல் யாரும் வாங்கிக்கொண்டதில்லை. பயிற்சி கொடுத்தவர் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

அவள் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அவள் மறுத்த செவ்வாய் இடத்துக்கு வரிசையில் அடுத்து இருந்தவர் இரண்டாம் சீட்டுக்காரர். வயதில் மூத்தவர், வாயில் அதைவிட மூத்தவர். எல்லாருக்கும் அவர் 'மாமா'. பஞ்சு அவருக்கு உடனே லீவைப் போட்டுக் கொடுத்தார். ஒரே மாலையில் ஒரு மறுப்பு, ஒரு ஒப்புதல். தராசு நேராக நின்றது.

மறுநாள் காலை பணி முடிந்து, பஞ்சு தன் கோப்பையைக் கழுவப் பேன்ட்ரிக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமாவும் மூன்றாம் சீட்டுக்காரியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பஞ்சு தேய்ச்சாச்சா?" என்று மாமா கேட்டார்.

"ம்."

"என்ன, வாயே திறக்க மாட்டேங்குற? அப்படி என்ன சொந்த வேலை?"

"கோர்ட்டுக்குப் போகணும் மாமா. பாப்பா யார்கிட்ட இருக்கணும்னு கேஸ்." அவள் ஒரு வாய் டீ குடித்தாள். "ராத்திரி பூரா வேலைக்குப் போறவகிட்ட பொண்ணை எப்படி விடுறதுன்னு அவர் பக்கம் எழுதியிருக்காங்க. ராத்திரியில என் தங்கச்சிதான் பாத்துக்கறா. பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார் ஜட்ஜ். இங்கேருந்து நேரா, கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு போய் நின்னா, வேற சாட்சியே வேண்டாம். அதான் லீவு கேட்டேன்."

சொந்தக் குழந்தையின் விஷயத்தை அவள் யாரோ போனில் சொன்ன விலாசம் போல ஒப்பித்தாள்.

"கோர்ட் எப்போ?"

"புதன்கிழமை காலைல பத்து மணிக்கு."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "அடிப் பைத்தியமே. புதன் காலைக்கு எதுக்குடி புதன் லீவு?"

"புதன் காலைக்குப் புதன் லீவு போடாம?"

"பகல் டூட்டிக்காரி புத்தி இன்னும் போகல உனக்கு. இங்க ராத்திரி எந்த நாள்ல ஆரம்பிக்குதோ, அந்த நாள் கணக்கு. நீ புதன்னு போட்டா, கோர்ட்டெல்லாம் முடிஞ்சு, கோழியெல்லாம் அடைஞ்சப்புறம், புதன் ராத்திரிதான் உனக்கு லீவு. செவ்வாய் ராத்திரி முழுக்க இங்க கத்தணும். உனக்கு வேண்டியது செவ்வாய்!"

அவள் விரல்விட்டு ராத்திரிகளை எண்ணிப் பார்த்தாள்.

"நானும் ஏமாந்தவன்தான்," என்றார் மாமா. "மச்சினி கல்யாணத்துக்குக் கல்யாணத் தேதியில லீவு போட்டேன். விடிய விடிய இங்க உட்கார்ந்துட்டு, அப்படியே மண்டபத்துக்குப் போயி, தாலி கட்டுற நேரத்துல குறட்டை. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் களைச்சுத் தூங்குறாங்க, நான் மட்டும் லீவுல கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டும்."

"செவ்வாய் தரேன்னு சொன்னார் மாமா," என்றாள் அவள். "நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஐயோ," என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது. "அதைத்தான் எனக்குக் குடுத்துட்டாரா?"

கதவுக்கு வெளியே பஞ்சு கழுவாத கோப்பையோடு நின்றிருந்தார். ஊரில் யார் கூப்பிட்டாலும், என்ன ஆச்சு, எப்போ ஆச்சு என்று இரண்டு மூச்சுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த அறையில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எதிரில் வந்து உட்கார்ந்தவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காததை நாகரிகம் என்று வேறு நினைத்துக்கொண்டார். வெட்கம் வர வேண்டிய இடம். அவருக்கும் வந்தது, ஆனால் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் போல, விவரமாக, உறைக்காமல் வந்தது.

உள்ளே போனார். இருவரும் எழுந்தார்கள்.

"உட்காருங்க. நீங்க பேசினது காதுல விழுந்துச்சு." மாமாவிடம் திரும்பினார். "உங்க வேலையைப் பத்தி நான் அடிக்கடி பெருமையா..."

"சார், வேண்டாம்," என்றார் மாமா. "செவ்வாய் லீவைத் திருப்பிக் கேக்கப் போறீங்க. நான் தந்துருவேன் சார். ஆனா வீட்ல வெளியூர் போக டிக்கெட் எடுத்துட்டா. இந்த வருஷம் முழுக்க நான் சொன்னதுல நிறைவேறப் போறது இது ஒண்ணுதான். வேணும்னா நீங்களே போன் போட்டு அவகிட்டப் பஞ்சைத் தேய்ங்க. நம்பர் தரேன்."

மாமாவின் மனைவியைப் பஞ்சு ஒரு ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறார். அங்கே பயிற்சி செல்லாது.

"மூணாவதா ஒருத்தருக்கு லீவு தர முடியாதா சார்?" என்று மாமா கேட்டார்.

"முடியாது. சீட்டு காலியா இருக்கக் கூடாது."

"காலியா இருக்கக் கூடாதுன்னுதானே விதி? யார் உட்காரணும்னு இல்லையே."

இருவரும் அவரையே பார்த்தார்கள். மேற்பார்வையாளர் ஹெட்செட் மாட்டிப் போன் எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை; கண்காணிப்பை அவசரத்துக்கு மூத்த ஊழியர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்றே இருந்தது. இதுவரை தடுத்தது விதி அல்ல, கண்ணாடி அறையில் இருக்கும் சுழல் நாற்காலி.

"செவ்வாய் ராத்திரி உங்க சீட்ல நான் உட்கார்றேன்," என்றார். இதற்கு முன்னால் பாராட்டும் வைக்கவில்லை, பின்னால் காரணமும் வைக்கவில்லை. பஞ்சு இல்லாமல் ஊசி போட்டது போல அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. "புதன் ராத்திரி மட்டும் வந்துடணும். அதுல மாத்தம் இல்ல."

"செவ்வாய் ராத்திரி லீவு. என் சீட்ல நீங்க. புதன் ராத்திரி நான் வரணும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். கடைசி வார்த்தையில் குரல் ஒரு நூல் ஆடியது. உடனே சரிசெய்துகொண்டாள். "தேங்க்ஸ் சார்."

செவ்வாய் இரவு பஞ்சு மூன்றாம் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடி அறையிலிருந்து பார்க்கும்போது தெரியாத ஒன்று அங்கே தெரிந்தது: அந்த நாற்காலி ஒரு பக்கம் சாயும். முதல் சில அழைப்புகளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு அடித்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் கதறினாள். அவர் முகவரி கேட்டார், வண்டி அனுப்பினார், அடுத்ததை எடுத்தார். விடியும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனாலும் உள்ளே ஒரு ஓரத்தில், ஒரு தாயை நன்றாகத் தூங்கவைத்து நீதியின் முன் நிறுத்திய மனிதர் என்ற எண்ணம் மெத்தென்று கிடந்தது. ஆண்டுக் கூட்டத்தில் இதை எப்படித் தற்செயலாகச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தார்.

புதன் மாலை அவள் சொன்னபடி வந்தாள். புது சாப்ட்வேருக்காக அறை முழுக்க ஆட்கள் வயர்களோடு நின்றார்கள். பஞ்சு கண்ணாடி அறையை விட்டுத் தானே வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார். இந்த முறை கேட்டுவிட்டார்.

"பாப்பா இப்போதைக்கு என்கிட்டயே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க சார். அடுத்த தேதி குடுத்திருக்காங்க."

"நல்லது. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"இல்ல சார். ராத்திரி முழிச்சே பழகிடுச்சு. விடிய விடிய தூக்கமே வரல. கோர்ட் வராந்தா பெஞ்சிலதான் அசந்துட்டேன்." அவள் ஹெட்செட்டின் சுருண்ட வயரைப் பிரித்தாள். "எங்க பேரைக் கூப்பிட்டது கேக்கல. அவரோட வக்கீல்தான் தட்டி எழுப்பினார்."