உள்ரூம்காரர் கொடுத்த விலை

கண்ணாடிக் கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் முன்பக்கம் உட்கார்ந்து ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பார். இன்னொருவர் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். இருபத்திரண்டு வருடமாக லாபத்தில் ஆளுக்குப் பாதி. ஆனால் தெருவைப் பொறுத்தவரை முன்னால் இருந்தவர்தான் கண்ணாடிக்காரர். பின்னால் இருந்தவருக்கு உள்ரூம்காரர் என்று பேர்.

இதில் உள்ரூம்காரருக்கு வயிறு எரிந்தது கொஞ்சநஞ்சமல்ல. இம்மி பிசகாமல் தேய்ப்பது இவர். புதுக் கண்ணாடியைப் போட்டு எதிர்க்கடை போர்டைப் படிக்கிற ஆள், "அடடா, என்ன தெளிவு! உங்க கைராசியே கைராசி சார்" என்று கும்பிடுவது அவரை. இவர் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நிற்பார். தேய்த்தவர் உள்ளே இருக்கிறார் என்று அந்த மனுஷன் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொன்னதே இல்லை. சிரிப்பார், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடிக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். உள்ரூம்காரர் அழுதார், நிஜமாகவே அழுதார். அழுதுகொண்டே, சாவுக்கு வந்த கூட்டத்தையும் எண்ணினார். நமக்கு இதில் பாதியாவது வருமா என்று தோன்றியது. செத்தவன் மேலேகூடப் பொறாமையா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆடிட்டர் கணக்கோடு வந்தார். "அவர் மூலதனம், இறந்த தேதி வரைக்கும் லாபத்துல பாதி, மெஷினும் சரக்கும் அன்னைய விலைக்குக் கூடினதுல பாதி. அவர் கையில எடுத்ததைக் கழிச்சாச்சு. வாரிசு அவர் சம்சாரமும் பொண்ணும்தான். இதெல்லாம் சிக்கல் இல்ல. குட்வில்தான் பாக்கி."

கடையைத் தேடி ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்களே, அந்த வருகைக்குப் போடுகிற மதிப்புதான் குட்வில். மூன்று வருடச் சராசரி லாபத்தை இரண்டு மடங்காக்கி, அதில் பாதியை வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. கீழே இன்னொரு வரியும் இருந்தது. வியாபாரம் இறந்தவரை மட்டுமே நம்பி நடந்தது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் குட்வில் கிடையாது.

"அவர் போனதுல இருந்து விற்பனை மூணுல ஒரு பங்கு விழுந்திருக்கு சார். ஜனங்க அவருக்காகத்தான் வந்திருக்காங்க. அதை எழுதிக் கொண்டாந்திருக்கேன். குடும்பத்துலயும் சரின்னுட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா பெரிய தொகை மிச்சம்."

நியாயமான யோசனைதான். புது மெஷின் வாங்க உள்ரூம்காரர் ஆறு வருடமாகச் சேர்த்த பணம் அப்படியே தப்பிக்கும். பேனாவை எடுத்தார். காகிதத்தில் 'வாடிக்கையாளர்கள் வந்தது காலஞ்சென்ற கூட்டாளிக்காக மட்டுமே' என்று இருந்தது. அந்த 'மட்டுமே'யைப் பார்த்ததும் கை நின்றது. இருபத்திரண்டு வருடம் கதவிடுக்கில் நின்றதற்குத் தானே ரசீது எழுதிக் கொடுப்பதா?

"இது பொய்" என்றார். "ஜனங்க வந்தது லென்ஸுக்கு. அவன் இல்லாட்டியும் வருவாங்க."

"விற்பனை விழுந்திருக்கே?"

"மழை."

"மழையே பெய்யலையே சார்."

"பெய்யும்!"

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவும் இந்தக் கடையில் வாங்கியதுதான். "அப்ப குட்வில் உண்டுன்னு ஆகுது. பாதியை முழுசாக் கொடுத்தாகணும். நாலு தவணை, வட்டியோட."

"கொடுக்கறேன்."

கணக்கு முடிக்கிற அன்று கண்ணாடிக்காரரின் மனைவி வந்தார். மகளின் கையெழுத்தையும் வாங்கி வந்திருந்தார். தாளில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தவர் குட்வில்லில் நின்றார்.

"இது இல்லேன்னுதானே சொன்னாங்க?"

"வாடிக்கைக்காரங்க தேடி வர்றதுக்கான மதிப்பும்மா" என்றார் ஆடிட்டர். "வேண்டாம்னு எழுத நான்தான் சொன்னேன். சார் ஒரே பிடிவாதமா மாட்டேன்னுட்டார்."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அவரைத் தேடி வந்த ஜனத்துக்கா இவ்வளவு கொடுக்கறீங்க? அவர் அருமை உங்களுக்குத்தான் அண்ணே தெரிஞ்சிருக்கு. தெரு பூராச் சொல்லுவேன்."

உள்ரூம்காரர் வாயைத் திறந்தார். அவனைத் தேடி இல்லைம்மா, என்னைத் தேடி என்று சொல்ல வேண்டும். அழுகிற பொம்பளையிடம் அதை எப்படிச் சொல்வது? முதல் தவணைக்குச் செக் எழுதினார். மெஷின் பணம் பாதிக்குமேல் அதிலேயே போயிற்று.

செக்கை வாங்கிய கையோடு அந்த அம்மா பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். சட்டம் போட்ட படம். அதே சிரிப்பு.

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு. இப்ப இல்ல. இதை முன்பக்கம் மாட்டிடுங்கண்ணே."

உள்ரூம்காரர்தான் ஆணி அடித்தார். அடித்து முடிப்பதற்குள் ஒரு ஆள் படியேறி வந்து, படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "என்ன கைராசி இவருக்கு!" என்றார்.

"உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உள்ரூம்காரர் சுத்தியலோடு பின்னறைக்குப் போனார். இன்னும் மூன்று தவணை பாக்கி இருந்தது.