ஆதாரத்தில் எழுதிய விலை

கோலப்பபிள்ளை தம் வீட்டுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டார். பகவதிப்பெருமாளிடம் இருந்தது ஐயாயிரத்து நானூறு. இருபத்திரண்டு வருஷம் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிச் சேர்த்த பணம். குடியிருந்த வாடகை வீட்டை ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியாகிவிட்டது. அது 1954ஆம் வருஷத்து ஜூன்.

வீடு ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் இருந்தது. நாலு சென்ட் நிலம், ஓட்டுக்கூரை, வற்றாத கிணறு. தரகர் பிச்சையா அதைக் காட்டும்போது, ஒரு புதுமணப் பெண்ணை அறிமுகப்படுத்துவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போன வாரம்தான் விலைக்கு வந்தது, கணக்குப்பிள்ளை. நாளைக்கு ரெண்டு பேர் வாறாங்க. யோசிச்சா போயிரும்."

பெருமாள் வில்லங்கச் சான்றைக் கேட்டு வாங்கினார். விற்க நினைக்கிறவர் முதல் வேலையாகப் பத்திரம் பதியும் ரிஜிஸ்தர் கச்சேரியில் எடுத்து வைக்கிற காகிதம் அது. வீட்டின் மேல் கடன், வழக்கு இல்லை என்று சொல்லும். அடியில் தேதியும் சொல்லும். தேதி: 1953 ஏப்ரல் ஆறு. பல கைகள் மடித்து விரித்ததில் காகிதம் நடுவில் கிழிந்து, பின்னால் பசை போட்டு ஒட்டியிருந்தது.

"நானூத்து இருபத்திமூணு நாள்" என்றார் பெருமாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல வே. போன வாரம் ரொம்ப நீளமான வாரமா இருந்திருக்கு."

மறுநாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவர் ரிஜிஸ்தர் கச்சேரிக்குப் போனார். அந்தச் சந்தில் கடைசி இரண்டு வருஷத்தில் கைமாறிய மூன்று வீடுகளின் ஆதாரங்களுக்கு, அதாவது கிரயப் பத்திரங்களுக்கு, நகல் வாங்கினார். லீலாபாய் விற்ற நாலு சென்ட் வீடு இரண்டாயிரத்து அறுநூறு. மேற்கே இருந்த மூன்று சென்ட் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. முனை வீடு, ஐந்து சென்ட், மூவாயிரம்.

இந்த ஊரில் ஆதாரத்தில் பாதி விலைதான் எழுதுவார்கள். முத்திரைச் செலவு மிச்சம். சாமி கும்பிட்டு, நல்ல நேரம் பார்த்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதைத் தவறு என்று நினைக்கும் ஒருவரையும் பெருமாள் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் கணக்குப்பிள்ளை ஊர்ப்பேச்சை நம்பக்கூடாது. பிச்சையாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"லீலாபாய் வீட்டில உமக்கு எவ்வளவு கிடைச்சது?"

"நூத்துக்கு ரெண்டுதானே? நூத்தி நாலு ரூவா. எண்ணி வாங்கிட்டேன்லா!"

ஆகவே உண்மை விலை ஐயாயிரத்து இருநூறு. சென்ட்டுக்கு ஆயிரத்து முந்நூறு. மற்ற இரண்டையும் இரட்டித்துப் பார்த்தால் ஒன்று ஆயிரத்து முந்நூறு, இன்னொன்று ஆயிரத்து இருநூறு. அன்று மாலை பெருமாள் மனைவி மங்கலத்திடம் சொன்னார்: "நாலாயிரத்து எண்ணூறில் ஆரம்பிப்பேன். ஐயாயிரத்து இருநூறைத் தாண்ட மாட்டேன்."

"ஜூன் மாசம் காலி பண்ணணும்ங்கிறதை மட்டும் அங்க உளறிடாதேங்கோ" என்றாள் மங்கலம்.

ஞாயிற்றுக்கிழமை கோலப்பபிள்ளை காலி வீட்டின் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. கூடத்தின் மூலையில் ஒரு பித்தளைச் சருவப் பானை, ஓட்டிலிருந்து ஒழுகிய சொட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

"நாலாயிரத்து எண்ணூறா? லீலாபாய் வீடும் என் வீடும் ஒண்ணாவே? என் கதவைப் பாரும். தேக்கு!"

"தேக்குதான் அண்ணாச்சி. அதுக்கு நூறு கூட்டிக்கிடுங்கோ." பெருமாள் சருவத்தைப் பார்த்தார். "ஓட்டுக்கு இருநூறு குறைச்சுக்கிடுங்கோ."

கோலப்பபிள்ளை ஆறாயிரத்து எண்ணூறுக்கு இறங்கினார். பெருமாள் மூன்று நகல்களையும் அவர் முன் விரித்தார். பேச்சு ஆறாயிரத்துக்கு வந்தது. பிறகு பெருமாள் வில்லங்கச் சான்றின் தேதியை விரலால் தொட்டார்.

"பதினாலு மாசம் சும்மா கிடக்கு அண்ணாச்சி. மாசம் இருபத்தஞ்சு வாடகைன்னு வச்சாலும் முந்நூத்து அம்பது போச்சு. இன்னும் ஒரு மழைக்காலம் போனா தேக்கு மட்டும்தான் மிஞ்சும்."

"ஐயாயிரத்து ஐந்நூறு. அதுக்கு மேல பேசாதேயும்."

பெருமாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சருவத்தில் ஏழு சொட்டு விழுந்தது. எண்ணினார்.

"முழுப் பணமும் ஒரே தவணையில. ஐயாயிரத்து இருநூறு" என்றார் வாசலில் நின்று.

கோலப்பபிள்ளை பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் போன்ற குரலில் சொன்னார்: "செரி. ஒரு நிபந்தனை. ஆதாரத்தில ஐயாயிரத்து இருநூறும் முழுசா எழுதணும்."

பெருமாளுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம். "முத்திரை கூடுமே அண்ணாச்சி. என்கிட்ட அதுக்குப் பணம் இல்ல."

"கூடுதலை நான் தாறேன்வே. எனக்குச் சத்தியம்தான் பெருசு."

அறுபத்தைந்து வயதில் ஒருவருக்குச் சத்தியத்தின் மேல் இத்தனை ஆசை வந்ததைக் கண்டு பெருமாள் மனம் இளகினார். ஜூன் இருபத்தொன்றாம் தேதி பத்திரம் பதிவாயிற்று. இருபத்தைந்தாம் தேதி பால் காய்ச்சினார்கள்.

சத்தியத்தின் காரணம் ஒரு வாரத்தில் விளங்கியது. கோலப்பபிள்ளை சாலை முழுவதும் நடந்து, யாரிடமும் எந்த விலையும் சொல்லாமல், ஆதாரத்தின் நகலை மட்டும் காட்டினார். பார்த்தவர்கள் ஐயாயிரத்து இருநூறைப் படித்தார்கள். மனத்துக்குள் இரண்டால் பெருக்கினார்கள். பதினாலு மாதம் விலைபோகாத வீட்டைப் பத்தாயிரத்து நானூறுக்குத் தள்ளிவிட்ட கோலப்பபிள்ளையை வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். முனை வீட்டுக்காரர் தம் வீட்டுக்குப் பதின்மூவாயிரம் கேட்கலானார். லீலாபாய், அவசரப்பட்டு விற்றுவிட்டேனே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"உண்மையில ஐயாயிரத்து இருநூறுதான்" என்று பெருமாள் எல்லாரிடமும் சொன்னார். ஆதாரத்தைக் காட்டிச் சொன்னார். எவ்வளவுக்கு எவ்வளவு காட்டினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர்கள் சிரித்தார்கள்.

பிச்சையா ஒருவருக்குத்தான் உண்மை தெரியும். அவர் இப்போது அந்தச் சந்தில் மூன்று வீடுகளைப் பத்தாயிரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். எனவே அவருக்கு ஞாபகமறதி வந்திருந்தது.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். கடை முதலாளி அழகியநம்பி.

"உமக்கு மாசம் தொண்ணூறு ரூவா தாறேன். பத்தாயிரத்து நானூறு எங்கேருந்து வந்தது?"

"ஆதாரத்தில எழுதினதுதான் விலை, முதலாளி."

"நான் ஏழு ஆதாரம் எழுதினவன்வே. என்கிட்டயா?"

கடையின் கடைசி எட்டு வருஷப் பேரேடுகளும் முதலாளி வீட்டுக்குப் போயின. நாகர்கோவிலிலிருந்து ஒரு தணிக்கையாளர் வரவழைக்கப்பட்டார். பெருமாள் ஒன்பது நாள் கடை வாசலில் ஆணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். வாடிக்கைக்காரர்கள் முன்போல் அவரிடம் விலை கேட்கவில்லை. துட்டுப் பையை இடுப்புக்குள் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். வேலை போனால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மிஞ்சியது ஐம்பது ரூபாய்கூட இல்லை. மங்கலம், கோலப்பபிள்ளையிடம் போய் உண்மை விலையைச் சொல்லி ஒரு கடுதாசி எழுதி வாங்கச் சொன்னாள். போனார்.

"ஐயாயிரத்து இருநூறுதான் வாங்கினேன்னு நான் எழுதித் தந்துட்டேனே பெருமாளு. உம்ம ஆதாரத்தில இருக்கே" என்றார் கோலப்பபிள்ளை, மிகுந்த அன்போடு.

பத்தாம் நாள் முதலாளி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எட்டு வருஷக் கணக்கு. ஒரு சக்கரக் காசு குறையல்ல."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே முதலாளி."

"அதுதான்வே எனக்கு ஆச்சரியம்." முதலாளி அவரை ஒரு புது மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாயிரம் ரூவாயை எடுத்திருக்கேரு. எங்க எடுத்தீர்னு நாகர்கோவில்காரனாலயே கண்டுபிடிக்க முடியல்ல. இப்பேர்ப்பட்ட ஆளை வச்சுக்கிட்டு இன்கம்டாக்ஸ் கணக்கை இத்தனை நாள் வேற ஒருத்தன்கிட்ட கொடுத்தேனே! இனிமே அதையும் நீரே எழுதும். மாசம் பதினஞ்சு கூட்டித் தாறேன். என்ன சொல்லுதேரு?"

பெருமாள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். முதலாளியின் முகத்தில் நம்பிக்கை அவ்வளவு நிறைவாக இருந்தது.  திறந்த வாயை மூடிக்கொண்டு, குடையைக் கையில் எடுத்தார்.

"இருபத்தஞ்சா இருக்கட்டும், முதலாளி" என்றார்.