கைக்குப் பூசவில்லை

போட்டிக்குப் பெயர் 'கல்வராயன் மலை அழகி'. மேடையேறிய ஐந்து பேரில் மலைக்காரி ஒருத்திகூட இல்லை. ஐந்தடி நான்கு அங்குலம் உயரம் வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்ற விதிகளிலேயே மலையிலிருந்து ஆசையோடு இறங்கி வந்தவர்களைக் கழித்துவிட்டார்கள். மலையின் பெயர் வேண்டும், அங்கே பிறந்தவள் வேண்டாம்.

என் தங்கை சுபஸ்ரீ தேறினாள். வடக்கனந்தலில் கரும்பு வெட்டுகிற வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறவள். ஜெயித்தால் சென்னை மேடை. "இடுப்பு கொஞ்சம் கம்மி ஆவணும்" என்று போட்டி நடத்துகிற செழியன் சொன்ன நாளிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை.

கள்ளக்குறிச்சி மண்டபத்தின் பின்னறையில், மேக்கப்காரப் பெண் அவள் முகத்திலும் கழுத்திலும் வெளுப்பாக எதையோ அப்பிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாங்க இது? அவ கலரே இது இல்லியே. சோறு துன்னாம வேற கெடக்கறா."

"ஸ்டேஜ் லைட்டுக்கும்மா," என்றார் செழியன். "கபடிக்குக்கூடதான் எடை பாக்கறாங்க. உன் தங்கச்சி கையில இதுவரிக்கும் எவனாவது மைக் குடுத்திருக்கானா? நான் குடுக்கறேன்."

அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"கபடியில தோத்தவளப் பாத்து, உன் மூஞ்சி பத்தலன்னு சொல்ல மாட்டாங்க," என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

முகப்பொலிவுக்கு முப்பது மதிப்பெண், உடல்வாகுக்கும் நடைக்கும் முப்பது, உடைக்கு இருபது, கடைசிக் கேள்விக்கு இருபது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: உண்மையான அழகு எது? நான்கு பெண்களும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள். உள்ளத்தின் அழகாம், தன்னம்பிக்கையாம்.

சுபஸ்ரீ மைக்கைப் பிடித்தாள். வெளுத்த முகத்துக்கு முன்னால் அவளுடைய கறுத்த கை. கைக்குப் பூச மறந்திருக்கிறார்கள்.

"மூஞ்சிக்கு ஒரு கலரு, கைக்கு ஒரு கலரு!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். மண்டபமே சிரித்தது. எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"இந்தக் கைதாங்க என் கலரு. மூஞ்சி நீங்க பூசினது. உள்ளத்தப் பாக்கறவங்க என் இடுப்புல எதுக்குங்க டேப்பு வச்சீங்க?"

சிரித்த கூட்டமே கைதட்டியது. நடுவர்கள்கூட எழுந்து தட்டினார்கள். ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன், முட்டாள் நான்.

பதிலுக்கு முழு இருபதும் போட்டார்கள். மற்ற எண்பதில் அவள் கடைசி. கிரீடம், பூசாமலேயே வெளுத்திருந்த பெண்ணுக்குப் போனது. சுபஸ்ரீயின் தோளில் ஒரு பட்டையை மாட்டி, 'மிஸ் தன்னம்பிக்கை' என்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் அவர்களைக் கேட்ட கேள்வியையே தங்களுக்கு விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

பேருந்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு வாய் தின்றாள். பிறகு அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைக்கும் பூசியிருந்தா ஜெயிச்சிருப்பேனா?"